பாங்கில் பத்தரை லட்சம், பொது நிதியில் பள்ளம்: நோக்கம் சொல்லி வந்த நன்கொடையின் கணக்கு

கேள்வி: எங்கள் அறக்கட்டளைக்கு ஒரே வங்கிக் கணக்குதான். வருட ஆரம்பத்தில் பொதுப் பணம் 1.5 லட்சம் இருந்தது. இந்த வருடம் பொது நன்கொடை 9 லட்சம், ஆம்புலன்ஸ் வாங்க 12 லட்சம், மாணவிகள் கல்வி உதவிக்கு ஒருவர் கொடுத்தது 4 லட்சம். சம்பளம், வாடகை எல்லாம் சேர்த்து 13.2 லட்சம் செலவு, கல்வி உதவி 2.8 லட்சம். வண்டி இன்னும் வாங்கவில்லை. பாங்கில் 10.5 லட்சம் இருக்கிறது, வரவு செலவில் 9 லட்சம் உபரி. ஆனாலும் அடுத்த இரண்டு மாதச் சம்பளத்துக்கு வழியில்லை. நோக்கம் சொல்லி வந்த பணத்திலிருந்து 3 லட்சம் எடுத்துக்கொண்டு பிறகு வைத்துவிடலாம் என்கிறார் தலைவர், கூடாது என்கிறார் ஆடிட்டர். பணம் அறக்கட்டளையுடையதுதானே?

பதில்:

ஆடிட்டர் சொல்வதுதான் சரி. ஆனால் எடுக்கலாமா என்று கேட்கும் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த பணத்தில் 2.7 லட்சம் ஏற்கெனவே பொதுச் செலவில் கரைந்திருக்கிறது. யாரும் தீர்மானம் போட்டு எடுக்கவில்லை, எந்த வவுச்சரிலும் அது தெரியாது. ஒரே பத்தியில் கணக்கு எழுதியதால் கண்ணில் படாமல் போயிருக்கிறது. நீங்கள் கொடுத்த அதே எண்களை நிதிவாரியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள் (எல்லாம் லட்சத்தில்):

| | பொது நிதி | ஆம்புலன்ஸ் நிதி | கல்வி உதவி நிதி | மொத்தம் |
|---|---|---|---|---|
| தொடக்க இருப்பு | 1.5 | 0 | 0 | 1.5 |
| வரவு | 9.0 | 12.0 | 4.0 | 25.0 |
| செலவு | 13.2 | 0 | 2.8 | 16.0 |
| இறுதி இருப்பு | −2.7 | 12.0 | 1.2 | 10.5 |

கடைசிப் பத்தியை மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது. உபரி 9 லட்சம், கையில் 10.5 லட்சம். உங்கள் தலைவர் பார்ப்பது அந்தப் பத்தியை. ஆடிட்டர் பார்ப்பது முதல் பத்தியை. 10.5 லட்சம் கையில் இருக்க, ஆம்புலன்ஸுக்கும் கல்வி உதவிக்கும் சேர்த்து இருந்தாக வேண்டியது 13.2 லட்சம். குறைகிற 2.7 லட்சம் சம்பளத்துக்கும் வாடகைக்கும் போயிருக்கிறது. அந்த 9 லட்ச உபரியையும் பிரித்தால், ஆம்புலன்ஸ் நிதியில் 12, கல்வி நிதியில் 1.2, பொது நிதியில் 4.2 லட்சம் பற்றாக்குறை. பழைய 1.5 லட்சம் கைகொடுத்ததால் பள்ளம் 2.7 லட்சத்தோடு நின்றிருக்கிறது. இப்படி நிதிக்கு ஒரு பத்தி வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு காட்டுவதுதான் நிதிவாரிக் கணக்கு. அதற்குமேல் அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

இனி "பணம் எங்களுடையதுதானே" என்பதற்கு வருகிறேன். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் "ஆம்புலன்ஸ் வாங்க" என்று கேட்டு, அதற்கென்றே ஒருவர் கொடுத்த பணம், அந்த வேலைக்காக உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணம். நோக்கத்தைத் தீர்மானித்தவர் கொடுத்தவர். நிறைவேற்றுவது மட்டும்தான் நிர்வாகக் குழுவின் கையில் இருக்கிறது. அறக்கட்டளைச் சட்டம் உள்ள பெரும்பாலான நாடுகளில் இந்தக் கட்டு சட்டப்படியே நிற்கும். மீறினால் நம்பிக்கை மீறல் ஆகும், குறைகிற தொகையை அறங்காவலர்கள் தம் கையிலிருந்தே ஈடுகட்ட வேண்டி வரவும் கூடும். அந்தப் பணமும் ஒரு தர்ம காரியத்துக்குத்தானே போயிற்று என்ற வாதம் எடுபடாது. சம்பளமும் நல்ல செலவுதான். ஆனால் கொடுத்தவர் கேட்டது அதுவல்ல.

கட்டு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நன்கொடையாளர் கடிதம் எழுதினால்தான் கட்டு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் அச்சடித்த வேண்டுகோளே போதும். "ஆம்புலன்ஸ் வாங்க உதவுங்கள்" என்று நோட்டீஸ் போட்டு, அதைப் பார்த்து ஒருவர் சும்மா பணம் அனுப்பினாலும் அது ஆம்புலன்ஸ் பணம்தான். மாறாக "ஆம்புலன்ஸ் உள்ளிட்ட எங்கள் பணிகளுக்கு" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பொது நிதிக்குப் போகும். ஒரு சொல்லில் 12 லட்சமும் இடம் மாறிவிடும். எனவே முதல் வேலையாக அந்த நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், குறுஞ்செய்தி, மேடையில் பேசியதன் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். ரசீதில் "ஆம்புலன்ஸ் நிதிக்கு" என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, குழுவே எடுத்து வைக்கும் ஒதுக்கீடு. பொது நன்கொடையிலிருந்து "கட்டடப் பழுதுக்கு 2 லட்சம்" என்று நீங்களே தீர்மானம் போட்டு ஒதுக்கியிருந்தால், அதே குழு இன்னொரு தீர்மானத்தில் அதைக் கலைத்துச் சம்பளத்துக்குப் பயன்படுத்தலாம். கோடு போட்டது நீங்கள், அழிக்கலாம். கொடுத்தவர் போட்ட கோட்டை நீங்கள் அழிக்க முடியாது. பிரிட்டனின் அறநிறுவனக் கணக்கு முறையில் குழு ஒதுக்கியது பொது நிதிக்குள்ளேயே அடங்கும், கட்டுள்ள நிதி தனியாக நிற்கும். அமெரிக்காவில் 2016-ல் வந்த திருத்தம் பழைய மூன்று வகைகளை இரண்டாகச் சுருக்கி, நன்கொடையாளர் கட்டு உள்ளது, இல்லாதது என்று மட்டும் பிரிக்கச் சொன்னது. பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும், பிரிக்கும் அளவுகோல் ஒன்றுதான். (அசலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழிக்கச் சொல்லும் கார்பஸ் நிதி இன்னும் இறுக்கமான வகை. உங்களிடம் அது இல்லாததால் விட்டுவிடுகிறேன்.)

"எடுத்துப் பிறகு வைத்துவிடலாம்" என்பதில் என்ன கோளாறு? வைப்பதற்கு எங்கிருந்து வரும் என்பதுதான். பொது நிதியின் வருட வரவு 9 லட்சம், செலவு 13.2 லட்சம். அதாவது மாதம் 35,000 பள்ளம் விழுகிறது. அந்த நிதி எப்போது திருப்பிக் கொடுக்கும்? அடுத்து வரும் இன்னொரு நோக்க நன்கொடைதான் இந்த ஓட்டையை அடைக்கும், அது அந்தப் பணத்தில் ஓட்டை போடும். இப்படித்தான் பல நிறுவனங்கள் ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டு, புது நன்கொடை நின்ற வருடத்தில் படுத்துவிடுகின்றன.

வண்டிக்காரர் பில் அனுப்பும் நாளை நினைத்துப் பாருங்கள். வண்டி 11.4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்புலன்ஸ் நிதியில் ஏட்டளவில் 12 லட்சம் இருக்கிறது, பாங்கில் 10.5 லட்சம். கல்வி உதவிப் பணத்தையும் சேர்த்துச் சுரண்டினாலும் 90,000 குறையும். தலைவர் சொல்கிறபடி 3 லட்சம் எடுத்திருந்தால் 3.9 லட்சம் குறையும், மாணவிகளுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அன்று நன்கொடையாளர்களிடம் என்ன சொல்வீர்கள்?

நேர் எதிர்த் திசையில் முன்பணம் போடுவது வேறு. கல்வி உதவித் தவணை வந்து சேரப் பத்து நாள் தாமதம், கட்டணத்தைப் பொது நிதியிலிருந்து கட்டிவிட்டுத் தவணை வந்ததும் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் அதில் தவறில்லை. பொதுப் பணம் எதற்கும் போகலாம். வர வேண்டியதற்கு எழுத்து மூலமான உறுதி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரும்பி வராத பணத்தை வரும் என்று எழுதிவைத்திருப்பீர்கள்.

சரி, சம்பளத்தில் ஒரு துளிகூட நோக்க நிதிக்குப் போகக்கூடாதா? போகலாம், நியாயமான பங்கு என்றால். உங்களுக்குச் சட்டப்படி மிச்சமிருக்கும் வழிகளில் இதுவே முக்கியமானது, ஆனால் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். உங்கள் ஒருங்கிணைப்பாளர் மாதம் 25,000 வாங்குகிறார், நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மாணவிகளைத் தேர்ந்தெடுப்பது, கட்டணம் கட்டுவது, அறிக்கை எழுதுவது என்று கல்வி உதவி வேலைக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000, வருடத்துக்கு 60,000. அந்த நன்கொடையாளரின் கடிதத்திலோ ஒப்புக்கொண்ட பட்ஜெட்டிலோ நிர்வாகச் செலவுக்கு இடம் இருந்தால், இந்த 60,000 கல்வி நிதியின் செலவுதான். அப்போது கல்வி நிதி 1.2 லட்சத்திலிருந்து 60,000 ஆகும், பொது நிதியின் பள்ளம் 2.7-லிருந்து 2.1 லட்சமாகக் குறையும். மொத்தம் அதே 10.5 லட்சம்தான், பத்திகளுக்குள் மட்டும் நகர்ந்திருக்கிறது.

ஆனால் "முழுத் தொகையும் மாணவிகளின் கட்டணத்துக்கே" என்று அவர் எழுதியிருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கிறது. திறந்திருந்தாலும் நேரப் பதிவு வேண்டும். எந்த நாள், எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று மாதாமாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டது. வருடக் கடைசியில் உட்கார்ந்து பள்ளத்தின் அளவைப் பார்த்து அதற்கேற்ற சதவீதத்தைக் கண்டுபிடிப்பதை ஆடிட்டர்கள் சுலபமாகப் பிடித்துவிடுவார்கள். பங்கு போட்ட தொகை பற்றாக்குறைக்குச் சரியாகப் பொருந்தி நின்றால் அதுவே முதல் சந்தேகம். பன்னிரண்டு மாதமும் ஒரே பேனாவில் ஒரே சாயலில் எழுதிய நேரப் பதிவு இரண்டாவது சந்தேகம்.

ஆம்புலன்ஸ் நிதியிலும் இதே கேள்வி வரும். வேண்டுகோள் "வாங்க" என்று சொன்னால் வண்டியின் விலை, பதிவு, உள்ளே பொருத்தும் ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் வசதி போன்றவை அடங்கும் என்று வாதிடலாம். ஓட்டுநர் சம்பளமும் டீசலும் அடங்காது. வாங்கிய மறுநாளிலிருந்து ஓடும் செலவு முழுவதும் பொது நிதியின் தலையில்தான் விழும், உங்கள் பொது நிதியோ ஏற்கெனவே பள்ளத்தில் கிடக்கிறது. வண்டி வாங்கப் பணம் கிடைத்து, ஓட்டப் பணம் இல்லாமல் ஷெட்டில் நிற்கும் வண்டிகள் இந்த ஒரு வார்த்தையால்தான் அப்படி நிற்கின்றன.

வண்டி 11.4 லட்சத்துக்கு வந்தால் மிஞ்சும் 60,000 தானாகப் பொது நிதிக்கு வந்துவிடாது. அது இன்னும் ஆம்புலன்ஸ் பணம். பணத்தை வைப்பில் போட்டு வட்டி வந்திருந்தால் வட்டியும் பொதுவாக அந்த நிதிக்கே சேரும், கொடுத்தவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய. வாங்கிய பிறகு 11.4 லட்சம் நிதியிலிருந்து மறைந்துவிடுவதும் இல்லை, பணம் வண்டியாக உருமாறியிருக்கிறது. வண்டியை அறக்கட்டளை ஆம்புலன்ஸாகவே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனையானால், தேய்மானத்தையும் அந்தப் பத்தியிலேயே காட்ட வேண்டும். பத்து வருடம் என்று கொண்டால் வருடம் 1.14 லட்சம். இதைப் பொது நிதியில் போட்டால் பொது நிதி இல்லாத நஷ்டத்தைச் சுமக்கும்.

கட்டை அவிழ்க்க நேர்மையான வழி ஒன்று உண்டு, கொடுத்தவரிடமே கேட்பது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு, அங்கே தாங்கள் திட்டமிட்ட அவசரப் பணிக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பணம் குவிந்தது. 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, சுனாமிக்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஏற்கெனவே கொடுத்தவர்களைத் தொடர்புகொண்டு, வேறு அவசரப் பணிகளுக்குப் பயன்படுத்தச் சம்மதமா, இல்லையென்றால் திருப்பித் தரட்டுமா என்று கேட்டார்கள். மிகப் பெரும்பாலோர் சம்மதித்தார்கள். சொல்லாமலே திருப்பிவிட்டிருந்தாலும் பணம் உயிர் காக்கத்தான் போயிருக்கும். இருந்தும் கேட்டார்கள், ஏனென்றால் சொன்ன காரியம் வேறு.

உங்கள் நிலையில் கல்வி உதவி சுலபம், கொடுத்தவர் ஒருவர்தான். ஒரு கடிதம் போதும். எவ்வளவு மிச்சம், எதற்கு மாற்றக் கேட்கிறீர்கள், மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று மூன்றையும் எழுதி, பதிலைக் கையெழுத்தோடு வாங்குங்கள். போனில் "சரிங்க, பாத்துக்கங்க" என்று அவர் சொன்னது கணக்கில் நிற்காது. ஆம்புலன்ஸுக்கு நூற்றுக்கணக்கானோர் சிறு தொகை கொடுத்திருப்பார்கள். பெரிய தொகைக்காரர்களிடம் தனித்தனியே கேட்கலாம். சம்மதித்தவர்களின் பங்கு மட்டும் பொது நிதிக்கு நகரும், மற்றவர்களுடையது அப்படியே நிற்கும். ஒருவேளை வண்டி வாங்குவதே முடியாமல் போய், கொடுத்தவர்களையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், பணத்தை அந்த நோக்கத்துக்கு நெருங்கிய வேறொரு பணிக்குத் திருப்ப நீதிமன்றமோ அறநிறுவனக் கண்காணிப்பு அமைப்போ அனுமதி தரும் முறை பல நாடுகளில் இருக்கிறது. "சம்பளம் போட முடியவில்லை" என்பது அதற்குக் காரணம் ஆகாது.

இப்போது என்ன செய்வது? அடுத்த குழுக் கூட்டத்தில் மேலே உள்ள அட்டவணையை வைத்து, பொது நிதி 2.7 லட்சம் கட்டுள்ள நிதிகளுக்குத் தர வேண்டியிருக்கிறது என்று குறிப்பேட்டில் பதியுங்கள். மறைத்து அடுத்த வருடக் கணக்கில் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். ஆம்புலன்ஸ் பணத்தை எடுத்தோம் என்று எழுதுவது கூச்சமாக இருக்கும், ஆனால் எழுதியது பிழையாக நிற்கும், எழுதாதது மோசடியாகப் படிக்கப்படும். பிறகு அதை அடைக்க மாதத் தொகை ஒன்றைக் குறியுங்கள். அதற்கு மாதம் 35,000 பள்ளத்தை முதலில் மூட வேண்டும், அதாவது செலவைக் குறைக்க வேண்டும் அல்லது அன்றாடச் செலவுக்கென்றே வெளிப்படையாகக் கேட்க வேண்டும். "எங்கள் அலுவலகம் நடக்க, பணியாளர் சம்பளத்துக்கு" என்று கேட்டால் யாரும் தர மாட்டார்கள் என்ற பயம் பொதுவாக இருக்கிறது. தருபவர்கள் குறைவுதான், ஆனால் அவர்கள் தரும் ஒவ்வொரு காசையும் நீங்கள் கேள்வியில்லாமல் செலவழிக்கலாம்.

ஏட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒவ்வொரு வவுச்சரிலும் எந்த நிதி என்று ஒரு குறி, எழுதும் அன்றே. Tally-யில் Cost Centre, QuickBooks-ல் Class என்று இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அவை அந்த வருடத்து வரவையும் செலவையும்தான் பிரித்துக் காட்டும். வருடம் மாறும்போது நிதிவாரி மிச்சம் தானாகத் தொடர்ந்து வரும் என்று நம்பாமல், ஒவ்வொரு நிதிக்கும் ஐந்தொகையில் தனித் தலைப்பு திறந்து, இறுதி இருப்பை அங்கே ஏற்றுங்கள். தனி வங்கிக் கணக்கு கட்டாயம் இல்லை. ஆம்புலன்ஸுக்குத் தனிக் கணக்கு வைத்தால் கை தவறிச் சம்பளம் போகாது, அவ்வளவு லாபம் அதில் உண்டு. ஆனால் கணக்கைப் பிரித்தும் ஏட்டைப் பிரிக்காதவர்கள் இதே பள்ளத்தில் விழுகிறார்கள்.

மாதக் கடைசியில் ஒரே ஒரு கழித்தல் போதும்:

```
பாங்க் + கையிருப்பு − கட்டுள்ள நிதிகளின் மிச்சம் − கொடுக்க வேண்டிய பொது பில்கள் = செலவழிக்கக்கூடியது
```

உங்களுக்கு இன்று நிலுவையில் பில் எதுவும் இல்லை என்று கொண்டாலும் விடை −2.7 லட்சம். இது கழித்தல் குறியோடு வந்த முதல் மாதம் எது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பொது நன்கொடையும் செலவும் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவில் நடந்திருந்தால், 1.5 லட்சத் தொடக்க இருப்பு மாதம் 35,000 வீதம் நான்கு மாதம் தாங்கி, ஐந்தாவது மாதத்தில் தீர்ந்திருக்கும். அன்றிலிருந்து நீங்கள் போட்ட ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பகுதி ஆம்புலன்ஸ் பணம். குழுவிடம் போகும்போது அந்த மாதத்தின் பெயரையும் எடுத்துச் செல்லுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.